பிரஷர் மாத்திரையும் வறட்டு இருமலும்: இரத்தத்தின் மீது நுரையீரல் செய்யும் வேலை

கேள்வி: அப்பாவுக்குப் பிரஷருக்காக எனலாப்ரில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் வறட்டு இருமல் வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. மாத்திரையால் வந்த இருமல் என்று சொல்லி டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். பிரஷர் மாத்திரைக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? மூச்சு விடுவதைத் தவிர நுரையீரலுக்கு வேறு வேலை இருக்கிறதா?

இருக்கிறது. தன் வழியே போகும் இரத்தத்தில் உள்ள சில பொருள்களை நுரையீரல் வெட்டி வீரியமாக்குகிறது, சிலவற்றை வெட்டி வீரியம் இழக்கச் செய்கிறது, சிலவற்றை உள்ளே இழுத்து அழிக்கிறது, மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிடுகிறது. உங்கள் அப்பா சாப்பிட்ட மாத்திரை, இந்த வேலைகளில் ஒன்றைச் செய்கிற ஒரு நொதியின் கையைக் கட்டுகிற மாத்திரை. அந்த நொதிக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்றை நிறுத்தினால் பிரஷர் குறைகிறது, கூடவே நின்றுபோகிற இன்னொன்றால் இருமல் வருகிறது. மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்திவந்த காலத்தில் இந்தப் பாடத்தை நான் எப்போதும் அவசரமில்லாமல் நடத்துவேன். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் நுரையீரல் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தம் சிறுநீரகத்துக்குப் போவதில்லை. சிறுநீரகத்துக்குப் போவது குடலுக்குப் போவதில்லை. ஒவ்வொரு உறுப்பும் தன் பங்கை மட்டும் பெறுகிறது. நுரையீரலுக்கு மட்டும் அப்படிப் பங்கு கிடையாது. உடலெங்கும் சுற்றிவிட்டுச் சிரைகள் வழியே திரும்புகிற இரத்தம் முழுவதும், ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர், இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குள் சென்று, அங்கிருந்து இடப்பக்கத்துக்கு வந்த பிறகுதான் மறுபடியும் உடலுக்குப் போக முடியும். களியக்காவிளையில் செக்போஸ்ட்டைக் கடக்காமல் நெடுஞ்சாலையில் அந்தப் பக்கம் போக முடியாது என்பதுபோல, சிரை இரத்தத்தில் கலந்த எந்தப் பொருளும் நுரையீரலைக் கடக்காமல் தமனிகளுக்குள் நுழைய முடியாது.

அந்த இடத்தில் இரத்தம் விரிந்து பரவும் பரப்பும் பெரியது. காற்றறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளின் உட்பரப்பை விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் ஒன்றே முக்கால் சென்ட் நிலம். அந்த அகலத்தின் மேல் எந்த ஒரு கணத்திலும் இருக்கிற இரத்தமோ 100 மில்லிலிட்டருக்கு உட்பட்டது. ஒரு சிறு டம்ளர் தண்ணீரை ஒன்றே முக்கால் சென்ட் தரையில் ஊற்றிப் பரப்பினால் எவ்வளவு மெல்லிய படலமாக இருக்குமோ அவ்வளவு மெல்லிதாக இரத்தம் அங்கே சுவரை உரசிக்கொண்டு போகிறது. ஒரு சிவப்பணு இந்தத் தந்துகியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் முக்கால் நொடி. அந்தச் சுவரின் உள்வரியாக ஒற்றை அடுக்கில் தட்டையான செல்கள் பதிந்திருக்கின்றன. பிராணவாயுவும் கரியமில வாயுவும் ஊடுருவிப் போகும் வெறும் திரையாகவே வெகுகாலம் அந்தச் செல்கள் கருதப்பட்டன. உண்மையில் அவற்றின் இரத்தம் பார்த்த முகத்தில் நொதிகள் பதிந்திருக்கின்றன. முகமெங்கும் நுண்ணிய குழிகளும் இருப்பதால் பரப்பு இன்னும் கூடுகிறது.

அந்த நொதிகளில் நமக்கு வேண்டியது ஆஞ்சியோடென்சின் மாற்றும் நொதி. மருத்துவர்கள் ஏ.சி.இ. என்பார்கள். தன்னிடம் பொருந்தும் ஒரு புரதச் சங்கிலியின் கடைசி இரண்டு கண்ணிகளை நறுக்கிவிடுவதுதான் இது செய்யும் செயல். இந்த ஒரே செயல் ஒரு சங்கிலியை உயிர்ப்பிக்கவும் இன்னொரு சங்கிலியைச் சாகடிக்கவும் செய்கிறது.

உயிர்ப்பிப்பதை முதலில் பார்ப்போம். உடலில் இரத்த அழுத்தமோ உப்போ குறைகிறபோது சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியை இரத்தத்தில் விடுகிறது. கல்லீரல் ஏற்கெனவே செய்து இரத்தத்தில் விட்டிருக்கும் ஒரு நீண்ட புரதத்தின் முனையிலிருந்து, பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை ரெனின் வெட்டி எடுக்கிறது. அதற்கு ஆஞ்சியோடென்சின் ஒன்று என்று பெயர். இதற்கு ஏறக்குறைய எந்த வீரியமும் இல்லை. இரத்தக் குழாயைச் சுருக்கத் தெரியாது. இது சிரை வழியே இதயத்துக்கு வந்து நுரையீரலுக்குள் போகும்போது, தந்துகிச் சுவரில் நிற்கும் ஏ.சி.இ. இதன் வாலிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்குகிறது. பத்து எட்டாகிறது. அந்த எட்டுக்குப் பெயர் ஆஞ்சியோடென்சின் இரண்டு; உடலில் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருள்களில் மிகவும் வலிமையானவற்றில் ஒன்று. அது தமனித் தசைகளை இறுக்குகிறது, அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோன் சுரக்கவைத்துச் சிறுநீரகத்தில் உப்பைத் தங்கச் செய்கிறது, தாகத்தையும் கூட்டுகிறது. மூன்றும் சேர்ந்து அழுத்தத்தை உயர்த்துகின்றன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: தான் செய்து தந்த ஆஞ்சியோடென்சின் இரண்டை நுரையீரல் திரும்ப அழிப்பதில்லை. அது தமனிக்குள் முழு வீரியத்தோடு போகிறது. பிற உறுப்புகளின் தந்துகிகளில்தான் சிதைகிறது.

இனி சாகடிப்பது. பிராடிகைனின் என்று ஒன்பது அமினோ அமிலச் சங்கிலி ஒன்று உண்டு. காயமும் அழற்சியும் உள்ள இடத்தில் அது உருவாகி, இரத்தக் குழாயை விரிக்கிறது, குழாய்ச் சுவரில் கசிவை உண்டாக்கி வீக்கம் தருகிறது, வலி நரம்புகளைச் சீண்டுகிறது. உண்டான இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. உடலெங்கும் பரவினால் கேடு. நுரையீரலில் அதே ஏ.சி.இ. அதன் வாலிலிருந்தும் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்க, ஒன்பது ஏழாகிறது, ஏழுக்கு வீரியம் இல்லை. ஒரே ஒரு முறை நுரையீரலைக் கடப்பதற்குள் பிராடிகைனினில் ஐந்தில் நான்கு பங்கு இப்படி அழிந்துவிடுகிறது. அழுத்தத்தை ஏற்றும் பொருளை உருவாக்குவதும், அழுத்தத்தை இறக்கும் பொருளை ஒழிப்பதும் ஒரே கத்தரி செய்யும் வேலை என்பது இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஒரு தவறான எண்ணம் வராமல் இருக்க இதையும் சொல்லிவிட வேண்டும். ஏ.சி.இ. நுரையீரலில் மட்டும் இருப்பதல்ல. உடலின் மற்ற இரத்தக் குழாய்களின் உள்வரியிலும், சிறுநீரக நுண்குழல்களிலும், சிறுகுடலின் உட்பரப்பிலும் அது உண்டு. நுரையீரலின் தனிச்சிறப்பு, முழு இரத்தமும் வந்து உரசுகிற மிக அகலமான ஒரே பரப்பில் அது செறிந்திருப்பது.

நுரையீரல் எல்லாவற்றையும் அழிக்கும் வடிகட்டி என்றும் நினைக்கக் கூடாது. எதை நிறுத்துவது, எதை விடுவது என்பதில் அது மிகவும் கறாராக இருக்கிறது. குடலும் நரம்புகளும் சுரக்கும் செரோடோனின் என்னும் பொருள் ஒரு முறை கடந்து போவதற்குள் பெரும்பகுதி இரத்தத்திலிருந்து அகற்றப்படுகிறது. அமைப்பில் நெருங்கிய உறவான இரண்டு ஹார்மோன்களில், நார்அட்ரினலின் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுக்கப்பட, அட்ரினலின் ஏறக்குறைய முழுதாகக் கடந்து போய்விடுகிறது. அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமினும் அப்படியே தப்பிப் போகிறது. பிராடிகைனினை வெட்டும் கத்தரி செல்லின் வெளிமுகத்தில் இருப்பதால் அது எங்கும் நுழைய வேண்டியதில்லை. செரோடோனினை அழிக்கும் நொதியோ செல்லுக்குள்ளே இருக்கிறது. அதனால் அதை உள்ளே இழுக்கும் வாயிற்புரதம் ஒன்று தேவை. அத்தகைய வாயில்கள் செரோடோனினுக்கு அகலத் திறக்கின்றன, நார்அட்ரினலினுக்குக் கொஞ்சம் திறக்கின்றன, அட்ரினலினுக்கும் ஹிஸ்டமினுக்கும் திறப்பதே இல்லை. ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதி உள்ளே இருந்தாலும், வாசலைத் தாண்டாத பொருளை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

செரோடோனின் அகற்றப்படுகிறது என்பதை நோயாளியின் இதயத்திலேயே கண்ணால் பார்க்கலாம். குடலில் வரும் கார்சினாய்டு என்னும் ஒரு வகைக் கட்டி செரோடோனினை ஏராளமாகச் சுரக்கும். குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போவதால் கல்லீரல் அதை அழித்துவிடும். பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. கட்டி கல்லீரலுக்கே பரவிவிட்டால், அங்கிருந்து சுரப்பது நேரே இதயத்தின் வலப்பக்கத்துக்கு வருகிறது. முகம் சிவந்து சூடேறுவதும், தண்ணீராகப் பேதியாவதும் அப்போது தொடங்கும். எக்கோ எடுத்துப் பார்த்தால் வலப்பக்கத்து இரண்டு வால்வுகளும் வெள்ளைப் படலம் படிந்ததுபோல் தடித்து விறைத்திருக்கும். இடப்பக்கத்து வால்வுகள் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் இடையில் இருக்கும் முக்கியமான வித்தியாசம், நடுவில் நுரையீரல் நிற்பதுதான். இதயத்தின் மேலறைச் சுவரில் ஓட்டை இருந்து நுரையீரலைச் சுற்றாமல் இரத்தம் குறுக்கே போகிறவர்களுக்கும், கட்டி நுரையீரலிலேயே இருப்பவர்களுக்கும் இடப்பக்க வால்வும் கெடலாம் என்பது இந்த விளக்கத்துக்கு இன்னொரு சாட்சி.

உடலின் செல்கள் தம் அருகிலேயே வேலை செய்வதற்காகச் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் பொருள்களிலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் விரியாதது. இதயத்தின் வலப்பக்கம் தள்ளும் இரத்தத்தில் சிறுபகுதியே அதற்குள் போகிறது. மீதி, நுரையீரல் தமனிக்கும் மகாதமனிக்கும் இடையில் உள்ள ஒரு சிறு குழாய் வழியே விலகிப் போகிறது. அந்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பது இரத்தத்தில் மிகுந்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் இ. குழந்தை பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரலுக்குள் இரத்தம் பாய்கிறது. நுரையீரல் அந்தப் பொருளை உள்ளிழுத்துச் சிதைக்கத் தொடங்குகிறது. நஞ்சுக்கொடி வழி வரத்தும் நின்றிருக்கும். கூடவே பிராணவாயுவும் உயர்வதால் குழாய் சுருங்கி மூடுகிறது. பிறவியிலேயே இதயக் கோளாறுள்ள சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் மூடினால் உயிருக்கு ஆபத்து. அவர்களுக்கு இதே பொருளை மருந்தாகக் கொடுக்கும்போது, ஊசியாக ஒரு தடவை போட்டுவிட்டு இருக்க முடியாது. ஒரே கடவையில் நுரையீரல் பெரும்பகுதியை அழித்துவிடும் என்பதால், அறுவைச் சிகிச்சை வரை இடைவிடாமல் சொட்டுச் சொட்டாகச் சிரையில் ஏற்ற வேண்டும். பம்ப் சில நிமிடம் நின்றாலே பணியில் இருக்கும் செவிலியர் பதறுவது இதனால்தான்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இது வந்த வழியே நுரையீரலின் வழிதான். 1949-இல் பிரேசிலில் ரோச்சா எ சில்வாவும் அவருடைய தோழர்களும், ஜராராகா என்னும் விரியன் வகைப் பாம்பின் நஞ்சை இரத்தத்தில் கலந்தபோது உண்டாகும் ஒரு பொருளாகப் பிராடிகைனினைக் கண்டுபிடித்தார்கள். அதே பாம்பின் நஞ்சில் பிராடிகைனினின் வீரியத்தைக் கூட்டும் ஏதோ ஒன்று இருப்பதை செர்ஜியோ ஃபெரேரா 1965-இல் அறிவித்தார். ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதி 1956-இலேயே குதிரையின் இரத்த நீரில் கண்டறியப்பட்டிருந்ததால், மாற்றம் இரத்தத்திலேயே நடக்கிறது என்று எல்லாரும் கொண்டிருந்தார்கள். லண்டனில் ஜான் வேன், கெவின் இங் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. குழாயில் வைத்த இரத்தத்தில் மாற்றம் மிகவும் மெதுவாக நடந்தது. உயிருள்ள விலங்கில் நொடிகளில் நடந்தது. அந்த நொடிகளில் இரத்தம் எங்கே போகிறது என்று தேடி, நுரையீரலை ஒரு முறை கடப்பதற்குள் மாற்றம் நடந்துவிடுகிறது என்று 1967-இல் காட்டினார்கள். ஃபெரேரா தம் பாம்பு நஞ்சுச் சாற்றோடு வேனின் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். அந்தச் சாறு நாயின் நுரையீரலிலிருந்து எடுத்த நொதியைத் தடுத்தது. பிராடிகைனினை அழிப்பதும் ஆஞ்சியோடென்சினை ஆக்குவதும் ஒரே நொதி என்பது சில ஆண்டுகளில் உறுதியானது. நஞ்சிலிருந்த பொருளை வாயால் சாப்பிட முடியாது, குடலில் செரித்துப்போகும். அதன் வடிவத்தைப் பார்த்து, நொதியின் மையத்தில் இருக்கும் துத்தநாக அணுவைப் பற்றிக்கொள்ளும் சிறிய மூலக்கூறு ஒன்றை குஷ்மனும் ஒன்டெட்டியும் வடிவமைத்தார்கள். அதுதான் கேப்டோப்ரில், அதன் விவரம் 1977-இல் வெளியானது. உங்கள் அப்பா சாப்பிட்ட எனலாப்ரில் அதன் தம்பி.

நொதியைக் கட்டினால் ஆஞ்சியோடென்சின் இரண்டு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. அதே கணத்தில் பிராடிகைனினை வெட்டும் வேலையும் நிற்கிறது. மூச்சுக்குழாயின் சவ்வில் பிராடிகைனினும், இதே நொதியால் வெட்டப்படும் சப்ஸ்டன்ஸ் பி என்னும் இன்னொரு பொருளும் தேங்குகின்றன. அவை அங்குள்ள மெல்லிய உணர்வு நரம்பு முனைகளை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. பிராடிகைனின் அங்கே புரோஸ்டாகிளாண்டினையும் சுரக்க வைத்து அதே வேலையை வலுப்படுத்துகிறது. அதன் பிறகு, வழக்கமாக உறைக்காத குளிர்காற்றும் பேச்சும் சிரிப்பும்கூட இருமலைக் கிளப்பிவிடுகின்றன. நுரையீரல் திசுவில் எந்தக் காயமும் இல்லை. அதனால்தான் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. ஆனால் நொதி எல்லாருக்கும் கட்டப்படுகிறது, இருமல் எல்லாருக்கும் வருவதில்லை. இந்த மாத்திரை சாப்பிடுவோரில் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது பேர் வரை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். ஆகவே பிராடிகைனின் தேங்குவது கதையின் பெரும்பகுதியே தவிர, அவரவர் நரம்பின் கூச்சமும் மரபும் சேர்ந்துதான் இருமலாக முடிகிறது.

இதை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு என் அத்தானின் கதையைச் சொல்கிறேன். அக்காவின் கணவர், குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பால் உறையவைத்து ஷீட் அடிக்கும் புரை வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு 64 வயது. பிரஷர் 160-க்கு மேல் இருந்ததால் எனலாப்ரில் 5 மில்லிகிராம் தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் தொண்டையில் ஒரு நூல் சிக்கியதுபோல் அரிப்பு. அதிலிருந்து வறட்டு இருமல். பகலில் யாரிடமாவது நாலு வார்த்தை பேசினால் வரும். இரவில் படுத்ததும் வரும். பாலில் ஊற்றும் ஆசிட்டின் நெடியும் புகைப்புரையின் புகையும்தான் காரணம் என்று எல்லாருக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி பரிசோதனைக்கு இரண்டு முறை சளியே போதுமான அளவு வரவில்லை. ஆன்டிபயாடிக் ஒரு வாரம், இருமல் மருந்து மூன்று பாட்டில், கடைசியில் இன்ஹேலர். நான்கு மாதம் இப்படிப் போயிற்று. அந்த நான்கு மாதத்தில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை; குடும்பத்தில் இருந்த நானும் கேட்கவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

வழி திறந்தது ஒரு தற்செயலால். மகள் வீட்டுக்குப் பெங்களூரு போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தார். புரையையும் புகையையும் விட்டு அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தும் இருமல் ஒரு துளிகூடக் குறையவில்லை என்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. புகையால் வந்த இருமல் புகையை விட்டால் கொஞ்சமாவது அடங்க வேண்டும். ஆஸ்துமாவாக இருந்தால் இளைப்போ விசிலோ கேட்க வேண்டும், ஊதும் கருவியில் அளவு குறைய வேண்டும், இன்ஹேலருக்கு ஏதாவது பலன் இருக்க வேண்டும், எதுவும் இல்லை. காசநோய் என்றால் நான்கு மாதத்தில் எடை இறங்கியிருக்கும், மாலைக் காய்ச்சல் இருந்திருக்கும். வேட்டி இடுப்பில் முன்போலவே இறுக்கமாக நின்றது. பிளாஸ்டிக் பையிலிருந்த மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டி, பில்களில் இருந்த தேதிகளோடு இருமல் தொடங்கிய நாளை வைத்துப் பார்த்தபோது, எனலாப்ரில் தொடங்கிய பத்தொன்பதாம் நாள் இருமல் வந்திருந்தது தெரிந்தது.

அவருடைய டாக்டரிடம் சொன்னோம். அவர் தயங்காமல் எனலாப்ரிலை நிறுத்தி லோசார்டன் 50 மில்லிகிராம் எழுதினார். முதல் நான்கைந்து நாள் எந்த மாற்றமும் இல்லை. அத்தான் நம்பிக்கை இழந்துவிட்டார். பத்தாம் நாள் இரவு எழாமல் தூங்கினார். மூன்றாம் வாரம் இருமல் இல்லை. இந்தத் தாமதம் இயல்பானதுதான்: மாத்திரை உடலை விட்டு நீங்க இரண்டு மூன்று நாள் போதும், ஆனால் கூசிப்போன நரம்பு முனைகள் பழைய நிலைக்குத் திரும்ப ஒன்று முதல் நான்கு வாரம், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட ஆகும். உங்கள் அப்பாவுக்கு மாத்திரை மாற்றி ஒரு வாரத்தில் இருமல் நிற்கவில்லையென்றால் பயப்பட வேண்டாம். மூன்று மாதம் கழிந்தும் நிற்கவில்லையென்றால், அல்லது இடையில் சளியோ இரத்தமோ காய்ச்சலோ எடைக் குறைவோ வந்தால், காரணம் வேறு; அதைத் தேட வேண்டும்.

மாற்றிக் கொடுத்த மாத்திரை ஏன் இருமலைத் தருவதில்லை என்பது இப்போது எளிதாக விளங்கும். லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் நொதியைத் தொடுவதில்லை. நுரையீரல் ஆஞ்சியோடென்சின் இரண்டை வழக்கம்போல் செய்து அனுப்புகிறது. அது தமனித் தசையில் போய் உட்காரும் இருக்கையை இவை முன்கூட்டியே பிடித்துக்கொள்கின்றன. கத்தரி கட்டப்படாமல் இருப்பதால் பிராடிகைனினை அது தடையின்றி வெட்டிக்கொண்டிருக்கும். எனலாப்ரிலின் அளவைப் பாதியாகக் குறைப்பதோ, அதற்குப் பதில் ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று மாற்றுவதோ பெரும்பாலும் பயன் தராது. அவை எல்லாம் அதே கத்தரியைக் கட்டுகிறவை. அதேபோல், இருமல் வந்தது என்று யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதய பலவீனம் உள்ளவர்களுக்கும், சர்க்கரையால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும் இது பிரஷருக்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை. டாக்டர் மாற்று எழுதித் தந்த பிறகே பழையதை விட வேண்டும்.

இருமலைவிட அரிதான, ஆனால் காத்திருக்க முடியாத ஒன்றும் இதே பிராடிகைனினால் வரும். இந்த மாத்திரை சாப்பிடுவோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு உதடு, நாக்கு, கன்னம், தொண்டை திடீரென வீங்கலாம். மாத்திரை தொடங்கிய வாரத்திலும் வரலாம், ஆண்டுக்கணக்கில் தொந்தரவில்லாமல் சாப்பிட்ட பிறகும் வரலாம். தடிப்பும் அரிப்பும் இல்லாமல் வீக்கம் மட்டும் இருப்பது இதன் அடையாளம். மீனோ இறாலோ ஒத்துக்கொள்ளாமல் வரும் வீக்கம் பெரும்பாலும் ஹிஸ்டமினால் வருவது. அதற்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்காது, ஏனென்றால் இங்கே தேங்கியிருப்பது வேறு பொருள். நாக்கு தடித்துப் பேச்சு குழறினாலோ குரல் மாறினாலோ, வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்காமல், மூச்சுக்குழாயைக் காக்கும் வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். ஒரு முறை அப்படி வந்தவர் வாழ்நாளில் இந்த வகை மாத்திரையைத் தொடக் கூடாது.

அத்தானின் கதையில் இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. ஒன்றரை ஆண்டு கழித்து நெஞ்சு வலி என்று வேறோர் இடத்தில் இரண்டு நாள் படுத்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த மாத்திரைகளில் ராமிப்ரில் இருந்தது. பெயர் வேறாக இருந்ததால் அக்காவுக்குத் தெரியவில்லை, பழைய விவரம் அங்கே யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் நாள் அதே நூல் சிக்கிய அரிப்பு வந்தது. இந்த முறை நான்கு மாதம் ஆகவில்லை. அக்கா அட்டையைப் பார்த்து எனக்குப் போன் செய்து, பெயரின் கடைசியை எழுத்தெழுத்தாக வாசித்தாள். இப்போது அத்தானின் சிகிச்சை நோட்டின் முதல் பக்கத்தில், “ப்ரில் என்று முடியும் மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது, இருமல் வரும், சார்டன் சாப்பிடலாம்” என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்கள் அப்பாவின் நோட்டிலும் இந்த வரியை இன்றே எழுதி வைத்துவிடுங்கள். எழுதும்போது எனலாப்ரில் தொடங்கிய தேதி, இருமல் வந்த தேதி, நின்ற தேதி மூன்றையும் சேர்த்துக் குறியுங்கள்.